கண்காட்சி ஸ்டாலில் மூன்று விநாடி அறிமுகம்: கருப்பட்டி விற்கும் ஒருத்தியின் பதில்கள்

நான் திருச்செந்தூர் பக்கத்தில் கருப்பட்டி காய்ச்சி விற்கிறவள். கண்காட்சிகளில் புதிதாக ஸ்டால் போடும் பெண்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாமே நிற்காமல் நடந்துபோகிறவரைப் பற்றியவை. நின்றவரிடம் பேசுவதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேச வேண்டிய வரிகளை எழுத்து நடையில் தந்திருக்கிறேன். உங்கள் வாயில் அவை உங்கள் ஊர்ப் பேச்சாக வரட்டும்.

என்னைப் பற்றிச் சொல்ல எவ்வளவு நேரம் கிடைக்கும்?

மூன்று விநாடி. தாராளமாகச் சொன்னால் நான்கு. பெரும்பாலான கண்காட்சிகளில் ஒரு ஸ்டாலின் முகப்பு 3 மீட்டர் அகலம். வேடிக்கை பார்த்துக்கொண்டு நடக்கிறவர் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வேகத்தில் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் மேசையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போகும் நேரம்தான் உங்களுக்கு உண்டு. பதறாமல் பேசினால் அந்த நேரத்தில் ஐந்தாறு சொற்கள் சொல்லலாம்.

இந்தக் கணக்கு தெரியாமல்தான் முதல் கண்காட்சிக்குப் போனேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த அறிமுகம் இது: “வணக்கம். நான் தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து வந்திருக்கிறேன். மகளிர் தொழில்முனைவோர். பல ஆண்டுகளாகப் பாரம்பரிய முறையில், இயற்கையாக, எந்த ரசாயனமும் சேர்க்காமல் பனங்கருப்பட்டி தயாரித்து வருகிறோம்.” சொல்லி முடிக்கப் பதினைந்து விநாடி ஆகும். ‘கருப்பட்டி’ என்ற சொல் என் வாயிலிருந்து வரும்போது கேட்க வேண்டியவர் இரண்டு கடை தள்ளி ஊறுகாய் ருசி பார்த்துக்கொண்டிருப்பார். தமிழ் வாக்கியத்தில் முக்கியமானது கடைசியில்தான் வரும். உட்கார்ந்து கேட்கிறவருக்கு அது அழகு. நடக்கிறவருக்கு அது எட்டாது.

வணக்கம் சொல்லாமல் தொடங்கினால் மரியாதைக் குறைவாக இருக்காதா?

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு நாள் முழுக்கக் கவனித்த பிறகு விட்டுவிட்டேன். நடந்துபோகிறவரிடம் ‘வணக்கம்’ என்றால் அவரும் ‘வணக்கம்’ என்று தலையசைப்பார். அதோடு கொடுக்கல் வாங்கல் முடிந்துவிட்டது. அவர் தன் கடமையைச் செய்துவிட்ட நிம்மதியோடு போய்விடுவார். மறுபடி கூப்பிட்டால்தான் மரியாதைக் குறைவு.

‘வாங்க, என்ன வேண்டும்?’ என்று கேட்பதிலும் இதே கதைதான். கேட்டவுடன் ‘சும்மா பார்க்கிறோம்’ என்ற பதில் தயாராக இருக்கும். அந்தப் பதிலைச் சொன்னவர் அதற்குப் பிறகு சும்மா பார்ப்பதற்குக்கூட நிற்க மாட்டார். மரியாதையை முகத்திலும் எழுந்து நிற்பதிலும் காட்டலாம். வணக்கத்தை அவர் நின்ற பிறகு சொல்லுங்கள்.

அந்த ஐந்தாறு சொற்களில் எதை வைப்பது?

அவருடைய மனதில் ஏற்கெனவே இருக்கும் ஒரு சந்தேகத்தையும், அவரால் உடனே செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையையும் வைக்க வேண்டும். நான் வந்து சேர்ந்த வரி: “சீனி கலக்காத கருப்பட்டி, முகர்ந்து பாருங்கள்.”

இதற்கு முன் மூன்று வரிகள் தோற்றன. ‘பாரம்பரியக் கருப்பட்டி’ என்றேன். அந்த வரிசையில் இருந்த எல்லாக் கடையும் பாரம்பரியம்தான், யாரும் திரும்பவில்லை. ‘உடம்புக்கு நல்லது’ என்றேன். எதிரே சிறுதானிய முறுக்குக்காரரும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ‘காபிக்குப் போடுகிற கருப்பட்டி’ என்றபோது வயதானவர்கள் சிலர் திரும்பினார்கள். அப்போதுதான் ஒன்று புரிந்தது. முதல் இரண்டும் பொருளைப் புகழும் சொற்கள். மூன்றாவது, கேட்பவரின் வீட்டு அடுப்படிக்குள் போன சொல்.

நின்றவர்கள் என்னிடம் முதலில் கேட்ட கேள்வி ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: ‘இதில் சீனி கலந்திருக்கிறதா?’ பாகில் சீனியைக் கொட்டிக் கருப்பட்டி என்று விற்பது ஊரறிந்த விஷயம். அந்தக் கேள்விக்கான பதிலை, அவர் கேட்பதற்கு முன்பே என் முதல் வரியாக்கிக்கொண்டேன். ‘முகர்ந்து பாருங்கள்’ என்றதற்குக் காரணம், வாங்கச் சொன்னாலும் சாப்பிடச் சொன்னாலும் மனிதர்கள் ஒரு கணம் பின்வாங்குகிறார்கள். முகர்வதில் யாருக்கும் எந்தக் கடனும் வராது. உடைத்த கருப்பட்டியின் வாசனை மற்ற வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை: உண்மையாக இருந்தால் மட்டுமே இந்த வரியைச் சொல்ல முடியும். வருகிறவர்களில் சிலர் கருப்பட்டி தெரிந்தவர்கள். உடைத்து, உள்ளே சீனி மினுக்குகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார்கள். நாக்கில் வைத்துச் சுண்ணாம்புக் கரிப்பைத் தேடுவார்கள். இவை எல்லாம் கைப்பழக்கச் சோதனைகள். உறுதியாகச் சொல்ல ஆய்வகம்தான் வேண்டும். ஆனாலும் அவர்கள் சோதிக்கும்போது உங்கள் முகத்தையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்.

ஊருக்கு ஊர் வரி மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியில் கருப்பட்டி என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டாம். சென்னையில் இளவயதினர் பலர் அதை வெல்லம் என்று நினைத்துக் கடந்துபோனார்கள். அங்கே என் முதல் வரி: “இது வெல்லம் இல்லை, பனங்கருப்பட்டி.”

தலையைத் திருப்பிப் பார்த்தார், ஆனால் நடை நிற்கவில்லை. அடுத்து என்ன?

இரண்டாவது வரியைச் சொல்ல வேண்டியது அப்போதுதான். திரும்பியவருக்கு நடை சற்றுத் தளர்ந்திருக்கும். இன்னும் நான்கைந்து விநாடி கிடைத்திருக்கிறது என்று பொருள். நான் சொல்வது: “பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் இந்த ஒரு கிலோ. நான்தான் காய்ச்சுகிறேன்.”

இதில் முதல் பாதி விலைக்குப் பதில். பதநீரின் இனிப்பைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும். பத்து லிட்டருக்கு ஒரு கிலோ அல்லது அதற்குச் சற்று மேல் என்பது சுமாரான கணக்கு. வெல்லத்தைவிட இது ஏன் விலை கூடுதல் என்று அவர் கேட்காமலே அந்த வரி சொல்லிவிடுகிறது. இரண்டாவது பாதிதான் உண்மையில் என் அறிமுகம். இரண்டே சொல்லில் நான் யார், இந்தக் கட்டியோடு எனக்கு என்ன உறவு என்பது முடிந்துவிட்டது. தொழில்முனைவோர், நிறுவனர், உரிமையாளர் என்ற எந்தச் சொல்லும் இவ்வளவு வேகமாக அதைச் சொல்லாது.

சொன்னதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் கடினம். மௌனம் வந்தால் பயத்தில் நிரப்பத் தோன்றும். நிரப்பினால் அவர் உங்கள் பேச்சிலிருந்து தப்பிக்க வழி தேடுவார். விட்டால் அவர் தட்டைப் பார்ப்பார்.

மாதிரித் துண்டுகளைப் பாதையின் குறுக்கே நீட்டாதீர்கள். நீட்டிய கைக்கு மனிதர்கள் விலகித்தான் போகிறார்கள். கடலைப் பருப்பு அளவில் உடைத்து, மூடியிட்ட தட்டில், பல்குத்தும் குச்சியோடு, மேசையின் முன் விளிம்பில் வையுங்கள். அவர் ஒரு அடி எடுத்து வைத்து வர வேண்டும். அந்த ஒரு அடிதான் நிற்பது என்பது.

அப்படியானால் என் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் எப்போது சொல்வது?

அவர் கையில் பொருள் இருக்கும்போது. அதற்கு முன் உங்கள் பெயரை மாட்டிவைக்க அவரிடம் ஆணி இல்லை. முகர்ந்துவிட்டு ‘எந்த ஊர்?’ என்று கேட்பார். கேட்டதும் பெயர், ஊர், எத்தனை அடுப்பு வைத்திருக்கிறீர்கள் என்பது வரை சொல்லலாம். அரை நிமிடம் கேட்பார்.

ஊர்ப் பெயரில் மட்டும் கவனம் வேண்டும். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தப் பெயருக்கு இருக்கும் மதிப்பைப் பார்த்து, வேறு இடத்துச் சரக்கை ‘உடன்குடி’ என்று கூவுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் அடுப்பு எங்கே எரிகிறதோ அந்த ஊரைச் சொல்லுங்கள்.

ஏற்பாட்டாளர்கள் தலைக்கு மேலே மாட்டித்தரும் பெயர்ப் பலகையை நம்பாதீர்கள். அதை ஸ்டாலைத் தேடி வருகிறவர்தான் படிப்பார். கண்மட்டத்தில், மேசைக்குப் பின்னால், ‘கருப்பட்டி’ என்ற ஒரே சொல்லைப் பெரிதாக எழுதி வையுங்கள். காதில் விழுவதும் கண்ணில் படுவதும் ஒன்றாக இருந்தால் அவருக்கு வேலை பாதி.

‘ஓனர் எங்கேம்மா?’ என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

எங்கள் தொழிலில் இது விசித்திரமான கேள்வி. மரம் ஏறிப் பதநீர் இறக்குவது பெரும்பாலும் ஆண்கள். அதை வடிகட்டி, விறகடுப்பில் கிளறி, பாகு பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றுவது காலங்காலமாகப் பெண்கள். பதம் ஒரு நிமிடம் தவறினால் என்ன ஆகும் என்று தெரிந்தவள் நான். ஆனால் ஸ்டாலில் என் பின்னால் என் கணவர் அட்டைப்பெட்டி பிரித்துக்கொண்டிருந்தால் விலையை அவரிடம்தான் கேட்பார்கள்.

கோபப்பட்டு ‘நான்தான் ஓனர்’ என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேட்டவர் சங்கடப்பட்டு நகர்ந்துவிட்டார். எனக்கு வெற்றி, கல்லாவுக்கு நஷ்டம். இப்போது, “சொல்லுங்கள் அண்ணா, காய்ச்சுவதும் நான், விலை சொல்வதும் நான்” என்கிறேன். சிரித்துவிட்டுக் கேட்க வந்ததைக் கேட்பார்கள்.

ஆனால் வாயால் சொல்வதைவிட இரண்டு ஏற்பாடுகள் அதிகம் வேலை செய்தன. ஒன்று, கணவரிடமோ தம்பியிடமோ யாராவது விலை கேட்டால், தெரிந்தாலும் அவர் சொல்லாமல் ‘அவரைக் கேளுங்கள்’ என்று உங்களைக் காட்ட வேண்டும். இதை வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, பணம் கட்டும் க்யூஆர் அட்டை. ஸ்கேன் செய்ததும் திரையில் யார் பெயர் வருகிறதோ அவர்தான் முதலாளி என்று மனிதர்கள் முடிவு செய்கிறார்கள். முதல் இரண்டு கண்காட்சிகளில் என் அட்டை கணவரின் கணக்கில் இருந்தது. நான் அவ்வளவு பேசிய பிறகு, கடைசியில் அவர் பெயரைப் படித்துவிட்டு ‘சாரிடம் சொல்லிவிடுங்கள்’ என்று போனவர்கள் உண்டு. தொழில் பெயரில் ஒரு நடப்புக் கணக்கு தொடங்கி மாற்றிய பிறகு அது நின்றது.

கடந்துபோகும் ஒவ்வொருவரிடமும் பேச வேண்டுமா? எப்போது வாயைத் திறப்பது?

வேண்டாம். தொண்டை மாலை வரை தாங்காது. கண் உங்கள் மேசைப் பக்கம் வந்தவரிடம் மட்டும் பேசுங்கள். நேர் எதிரே வந்த பிறகு தொடங்கினால் தாமதம்; உங்கள் மேசையின் மூலைக்கு இரண்டு அடி இருக்கும்போது தொடங்க வேண்டும். பக்கத்துக் கடையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவரைக் கூப்பிடாதீர்கள். அது கடைத் தர்மம், நாளைக்கு உங்களுக்குச் சில்லறை தரப்போவதும் அந்தப் பக்கத்துக் கடைதான்.

போனில் பேசுகிறவர், தங்களுக்குள் மும்முரமாகப் பேசிக்கொண்டு போகும் இருவர், இரண்டு கையிலும் பை வைத்திருப்பவர் ஆகியோரை விட்டுவிடுங்கள். குடும்பமாக வந்தால் யார் பார்த்தாரோ அவரிடமே பேசுங்கள். பார்த்தது பாட்டியாக இருக்கும், நாம் பர்ஸ் வைத்திருக்கும் மகனிடம் பேசுவோம். பாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வார். உட்கார்ந்துகொண்டு எதையும் சொல்லாதீர்கள். ஸ்டாலோடு தரும் இரண்டு நாற்காலிகளையும் மேசைக்கு அடியில் தள்ளிவிடுவது என் வழக்கம்.

தமிழ் தெரியாதவர்கள் வந்தால்?

வாக்கியம் எதுவும் வேண்டாம். பொருளின் பெயரை அவர் மொழியில் ஒரே சொல்லாகச் சொல்லுங்கள். மலையாளிகளிடம் ‘கரிப்பெட்டி’, தெலுங்கர்களிடம் ‘தாட்டி பெல்லம்’, இந்திக்காரர்களிடம் ‘தாட் கா குட்’. கோயம்புத்தூர் கொடிசியா வளாகம் போன்ற இடத்தில் பாலக்காட்டுக்காரர்கள் நிறைய வருவார்கள். பேச்சுச் சத்தத்துக்கு நடுவே தன் வீட்டுச் சொல் ஒன்று காதில் விழுந்தால் நிற்காதவரும் ஒரு கணம் நிற்பார்.

‘சர்க்கரை நோயாளி சாப்பிடலாமா?’ என்று கேட்கிறார்கள். ஆமாம் என்றால் விற்றுவிடும்.

விற்றுவிடும், சொல்லாதீர்கள். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது நாம் கலக்கவில்லை என்று பெருமைப்படும் சீனியில் இருக்கும் அதே சர்க்கரை. பனையிலிருந்து வந்தது என்பதால் அது ரத்தத்தில் ஏறாமல் இருக்காது. ‘சீனி கலக்காத’ என்ற என் முதல் வரியைச் சிலர் ‘சர்க்கரை இல்லாத’ என்று புரிந்துகொள்கிறார்கள். அதனால் இந்தக் கேள்வி வந்தால் நான் உடனே, “இதுவும் இனிப்புதான் அம்மா, டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்” என்று சொல்லிவிடுகிறேன். கேட்டவர் வாங்காமல் போகலாம். பக்கத்தில் நின்று இதைக் கேட்டவர்கள் அரைக் கிலோ எடுத்துக்கொண்டு போன நாட்கள் உண்டு.

மொத்தமாக வாங்குகிறவர்களிடமும் இதே வரியா?

இல்லை. கழுத்தில் அடையாள அட்டை, கையில் குறிப்பேடு, கடை கடையாக நின்று விலை கேட்காமல் லேபிளைப் படிக்கும் பழக்கம், இவற்றை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். அவருக்கு வாசனை முக்கியமில்லை. “மாதம் இவ்வளவு கிலோ, ஒரே தரத்தில் தர முடியும்” என்று அளவில் தொடங்குங்கள். அந்த அளவைக் கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். பதநீர் கிடைப்பது கோடையை ஒட்டிய சில மாதங்கள்தான். மீதி மாதங்களுக்கு இருப்பு வைத்துத்தான் தர வேண்டும். மழைக்காலத்தில் கருப்பட்டி ஈரம் இழுத்துக் கசியும் என்பதால் இருப்பு வைப்பதும் சுலபமில்லை. லேபிளில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருக்கிறதா என்பதைத்தான் அவர் முதலில் பார்ப்பார்.

அரசு அலுவலகத்திலோ பொதுத்துறை நிறுவனத்திலோ கொள்முதல் பார்க்கிறவர் என்று தெரிந்தால் மட்டும், குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு இருப்பதையும் அது பெண்ணின் பெயரில் இருப்பதையும் முதல் வரியிலேயே சொல்லுங்கள். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் செய்யும் கொள்முதலில் 25 விழுக்காடு குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து வர வேண்டும். அதற்குள் 3 விழுக்காடு பெண்கள் நடத்துபவற்றுக்கு. ‘பெண் தொழில்முனைவோர்’ என்ற சொல்லுக்கு மேசையில் நேரடியான விலை இருப்பது அந்த ஒருவரிடம்தான்.

என் வரி வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று டம்ளரும் ஒரு பிடி புளியங்கொட்டையும் போதும். நீங்கள் வரியைச் சொல்லித் தலை திரும்பினால் முதல் டம்ளரில் ஒரு கொட்டை. நின்றால் இரண்டாவதில். வாங்கினால் மூன்றாவதில். ஒரு மணி நேரம் ஒரே வரியைச் சொல்லுங்கள்; அடுத்த மணி நேரம் வேறு வரி. கொட்டை போடுவதை உடன் இருப்பவரிடம் விட்டுவிடுங்கள். மாலை ஐந்து மணிக் கூட்டத்தையும் காலையில் வரும் பள்ளிப் பிள்ளைகளின் கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது வீண். அடுத்தடுத்த இரண்டு மணி நேரத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

முதல் டம்ளரே காலியாக இருந்தால் வரி தவறு, அல்லது நீங்கள் தாமதமாகத் தொடங்குகிறீர்கள். எனக்கு ஒரு முறை ஒலிபெருக்கி ஸ்டாலுக்கு நேர் மேலே இருந்தது. வரியில் குற்றமே இல்லை, யாருக்கும் கேட்கவில்லை. அன்று பேசுவதை விட்டுவிட்டுக் கருப்பட்டியை எல்லோரும் பார்க்க உடைத்துக்கொண்டே நின்றேன். முதல் டம்ளர் நிறைந்து இரண்டாவது காலி என்றால் இரண்டாவது வரி நீளம், அல்லது மாதிரித் தட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. நின்றவர்கள் வாங்காமல் போனால் பெரும்பாலும் விலை எழுதி வைக்காததுதான் காரணம். கேட்டுவிட்டு வாங்காமல் போக நம் ஆட்களுக்குக் கூச்சம். அதனால் கேட்காமலே போய்விடுவார்கள். நான் கிலோ விலையை மட்டும் எழுதி வைத்திருந்தேன். கால் கிலோ விலையை முதலில் எழுதியதும் மூன்றாவது டம்ளர் நிறையத் தொடங்கியது.

முன்பின் தெரியாதவரிடம் பேச நாக்கு எழவில்லை. எப்படிப் பழகுவது?

கண்ணாடி முன் நின்று பழகாதீர்கள். கண்ணாடியில் இருப்பவர் நடந்துபோவதில்லை. முற்றத்தில் சாக்பீஸால் 3 மீட்டர் கோடு போட்டு, வீட்டில் ஒருவரை அதன் ஓரமாகச் சாதாரணமாக நடக்கச் சொல்லுங்கள். அவர் கோட்டின் முடிவுக்கு வருவதற்குள் வரி முடிய வேண்டும். நாத்தனாரை நடக்கவைத்துத்தான் நான் பழகினேன். இருபது முறை நடந்த பிறகு, ‘உனக்கு விற்கத் தெரிகிறதோ இல்லையோ எனக்குக் கால் வலிக்கிறது’ என்றார். அதற்குள் என் வரியிலிருந்து நான்கு சொற்கள் உதிர்ந்திருந்தன.

போன் நம்பரைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்கலாமா?

தொழிலுக்கென்று தனி சிம் வைத்துக்கொண்டு அந்த எண்ணை மட்டும் கொடுங்கள். வீட்டு எண்ணைக் கொடுத்துவிட்டு, இரவு பத்து மணிக்குக் கருப்பட்டியைத் தவிர மற்றதெல்லாம் பேச வந்தவர்களால் நான் எண்ணையே மாற்ற நேர்ந்தது. சீட்டில் நேரத்தையும் அச்சிடுங்கள்: காலை 10 முதல் மாலை 6 வரை. நிற்காமல் போகிறவர் கையில் சீட்டைத் திணிக்க வேண்டாம்; அது அடுத்த திருப்பத்தில் தரையில் கிடக்கும். முகர்ந்தவருக்கு மட்டும் கொடுங்கள். சீட்டின் முதல் வரியில் உங்கள் பெயர் வேண்டாம், அவர் ஸ்டாலில் கேட்ட அதே வரி இருக்கட்டும். ஒரு மாதம் கழித்துப் பையைத் துழாவும்போது அவருக்கு நினைவில் இருப்பது அந்த வாசனைதான்; பெயரை அதற்குக் கீழே தேடிக்கொள்வார்.